ஆடி முடிந்தால் ஆவணி: இப்போதுதான் ஒருவரோடு பேச ஆரம்பித்திருக்கும்போது சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது

ஆடி மாதத்தில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு அதிகமாக நடப்பது அந்த மாதத்தில்தான். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பம் மொத்தமும் ஒகேனக்கல்லிலோ கே.ஆர்.பி. அணைப் பக்கமோ கூடும். அடுத்த மாதம் ஆவணி, முகூர்த்தம் தொடங்கிவிடும். யார் வீட்டுப் பெண் படிப்பை முடித்துவிட்டாள், யார் வீட்டுப் பையன் வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது என்று பெரியவர்கள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் வண்டி ஏறுவார்கள். மார்கழி முடிந்து பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதும் இதே நிலைமைதான், அப்போது கண் தை மாதத்தின் மேல் இருக்கும்.

இந்தக் கட்டுரை, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நல்லது கெட்டதுக்கு வந்து போகிறவர்களுக்காக. உங்களுக்கு வயது இருபத்தொன்றைத் தாண்டியிருக்கிறது. கொஞ்ச நாளாக ஒருவரோடு பேச ஆரம்பித்திருக்கிறீர்கள். காதல் என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. ஆனால் யாரும் இல்லை என்று சொன்னால் மனசு உறுத்தும். அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி கேட்பார்: "என்ன கண்ணு, யாராச்சும் இருக்காங்களா?"

முதல் வேலை: ஒரு வாக்கியத்தைத் தயார் செய்வது

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு "இல்லை" என்பதும் "இருக்கு" என்பதும் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் போய்ச் சேராது.

"இல்லை சித்தி, யாரும் இல்லை" என்று சொன்னால், கேட்டவர் காதில் அது "அப்போ பார்க்க ஆரம்பிக்கலாம்" என்று விழும். அன்று சாயங்காலமே உங்கள் அம்மாவிடம் "புள்ளைக்கு மனசுல ஒண்ணும் இல்லையாம், நான் கேட்டுட்டேன். அரூர்ல ஒரு நல்ல இடம் இருக்கு" என்று பேச்சு ஆரம்பமாகும். நாலு மாதம் கழித்து நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி வீட்டில் சொல்லும்போது, "அன்னைக்கே கேட்டேனே, இல்லைன்னு சொன்னியே" என்று அதே சித்தி முன்னால் வந்து நிற்பார். அப்போது நீங்கள் பொய் சொன்னது ஒன்றுதான் பேச்சாக இருக்கும், அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

"இருக்கு, ஆனா இப்பத்தான் பேசிட்டிருக்கோம்" என்று உண்மையைச் சொன்னால் இன்னும் வேகம். எந்த ஊர், யார் வீடு, என்ன ஆளுங்க, அப்பா என்ன பண்றார் என்று கேள்விகள் வரிசையாக வரும். இந்தப் பதில்களில் பாதி உங்களுக்கே இன்னும் தெரிந்திருக்காது. பேசிப் பார்க்கிற கட்டம் என்று ஒன்று உண்டு என்பதை நம் வீடுகளில் பெரும்பாலான பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒன்று ஆள் இருக்கிறது, அல்லது ஆள் இல்லை. நீங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வராத ஒன்றை அவர்கள் முடிவாக எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு அந்தப் பேச்சு ஒத்துவராமல் நின்றுபோனால், அது "அந்தப் புள்ளை ஒருத்தனை விரும்பிச்சு, அப்புறம் விட்டுட்டாங்க" என்று ஊரில் தங்கிவிடும்.

அதனால் உங்களுக்கு வேண்டியது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையாகவே இருக்கும் ஒரு பதில். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்:

"கல்யாணம் பத்தி நான் இன்னும் முடிவு எதுவும் எடுக்கல சித்தி. எடுத்தா அம்மா அப்பாகிட்டதான் முதல்ல சொல்வேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. முடிவு எடுக்கவில்லை என்பது நிஜம். அம்மா அப்பாவிடம் முதலில் சொல்வேன் என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. அது மட்டுமில்லாமல், இரண்டாவது பாதி கேட்பவரின் வாயை மரியாதையாக அடைக்கிறது. "பெத்தவங்களுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு" என்று எந்தச் சித்தியும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார். கேட்டால் அவருக்குத்தான் மரியாதைக் குறைவு. நாலு மாதம் கழித்து நீங்கள் வீட்டில் பேச்சை எடுக்கும்போதும் இந்த வாக்கியம் உங்கள் பக்கம் நிற்கும். சொன்னபடிதான் நடந்துகொண்டீர்கள் என்று காட்டலாம்.

இதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரோடும் பேச ஆரம்பிக்காத காலத்திலிருந்தே இதையே சொல்லி வந்திருந்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டால், இந்தத் தடவை கேட்கிற எல்லோருக்கும் ஒரே வார்த்தைகளில் சொல்லுங்கள். பெரியம்மாவிடம் ஒரு மாதிரியும் அத்தையிடம் வேறு மாதிரியும் சொன்னால், ராத்திரி அவர்கள் இருவரும் பாத்திரம் கழுவும்போது பதில்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சந்தேகம் வரும். அப்புறம், சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க ஆரம்பிப்பதும், முகம் சிவக்கச் சிரிப்பதும் "இருக்கு" என்று சொன்னதற்குச் சமம். பையன்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். "பெங்களூர்ல எவளையாச்சும் புடிச்சிட்டியாடா?" என்று மாமா தோளில் தட்டும்போது தலையைக் குனிந்து சிரித்தால், விருந்து முடிவதற்குள் செய்தி சமையல் கட்டுக்குப் போய்விடும்.

கேட்பவர் என்ன முறை என்று பாருங்கள்

எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கேட்பவர் உங்களுக்கு என்ன முறை என்பதைப் பொறுத்து கேள்வியின் எடை மாறும்.

மாமா, அத்தை, மச்சான், மாமன் மகள், பாட்டி, தாத்தா இவர்களுக்கெல்லாம் நம்மைக் கேலி பேச உரிமை உண்டு. அது பழைய வழக்கம். அவர்கள் "யாருடி அவன்?" என்று கேட்டால் முக்கால்வாசி நேரம் அது கேலி. பதில் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் அடுத்த கேலிக்குப் போய்விடுவார்கள். கேலிக்குக் கேலியாகவே பதில் சொல்லலாம். உங்கள் வாக்கியத்தை அங்கே வீணாக்க வேண்டியதில்லை.

பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அண்ணன் இவர்கள் அப்படி இல்லை. இவர்கள் அப்பா அம்மா ஸ்தானத்தில் இருப்பவர்கள், இந்த விஷயத்தில் பொதுவாகக் கேலி பேசுவதில்லை. பெரியப்பா உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார் என்றால், ஒன்று அவர் காதில் ஏதோ விழுந்திருக்கிறது, அல்லது உங்கள் அப்பாவே கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே சிரித்து மழுப்பக் கூடாது. நேராகப் பார்த்து, நிதானமாக அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

அத்தை, மாமா விஷயத்தில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. நம் இரண்டு மாவட்டங்களிலும் உறவுக்குள் கட்டுவது இன்னும் சகஜம். அத்தை மகன், மாமன் மகள், சில வீடுகளில் தாய்மாமனே முறை. ஆகவே கேட்கிற அத்தைக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தால், அந்தக் கேலி கேலி இல்லை. அவர் உங்கள் மனசை அளந்து பார்க்கிறார். "உங்க பையனை விட்டுட்டு நான் எங்க அத்தை போகப் போறேன்?" என்பது பையன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது சொல்லக்கூடிய பதில். பையனுக்கு இருபத்தேழு வயது என்றால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் மறுத்தால் அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் அளவுக்குப் போகும். அதேபோல, முறைப்பையனை எல்லோர் முன்னாலும் வேண்டுமென்றே "அண்ணா" என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்துவதையும் பார்த்திருக்கிறேன். அது தெளிவான மறுப்புதான். ஆனால் சபையில் அத்தையை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். மறுப்பை உங்கள் பெற்றோர் வாயிலாக, தனியாகச் சொல்வதே அவருக்கும் மரியாதை.

பாட்டி கேட்பது இன்னொரு வகை. ஆயா என்று கூப்பிட்டாலும் அவ்வா என்று கூப்பிட்டாலும், அவர் கேட்பதில் தகவல் தேடும் எண்ணம் குறைவு. "நான் கண்ணை மூடறதுக்குள்ள உன்னை மாலையும் கழுத்துமாப் பார்க்கணும்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கல்யாணம் எப்படி நடந்தது, மாட்டு வண்டியில் எந்த ஊருக்கு வந்தார் என்று கேளுங்கள். உங்களைப் பற்றிய பேச்சு தானாகக் கரைந்துவிடும். ஆனால் பாசத்தில் உருகி அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் இல்லை, சந்தோஷத்திலேயே நாலு பேரிடம் சொல்லிவிடுவார்.

ஒரு ஆடிப் பதினெட்டு, மூன்று கேள்விகள்

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு என் சித்தப்பா மகளின் கதையைச் சொல்கிறேன். அவளுக்கு இருபத்து நாலு வயது, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையன் ஒருவரோடு ஒன்றரை மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஆடிப் பதினெட்டு அன்று வேன் பிடித்து, தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனோம். நானும் அதே வண்டியில் இருந்தேன். அவள் விஷயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

முதல் கேள்வி பென்னாகரம் தாண்டியதும் வந்தது. கேட்டவர் அத்தை. "என்ன கண்ணு, ஓசூர் தண்ணி நல்லா ஒத்துக்கிச்சு போல. முகமே மாறிப் போச்சு. யாருடி அவன்?" வண்டியே திரும்பிப் பார்த்தது. அவள் பதறாமல், "தண்ணி இல்லைங்க அத்தை, கேன்டீன் சாப்பாடு. அவங்க தட்டையும் சேர்த்து நானே சாப்பிடறேன்னு கூட இருக்கற புள்ளைங்க சண்டை போடறாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உடனே அவளே, "அங்க போனதும் மீன் யார் வாங்கறது, போன வருஷம் மாதிரி ரெண்டு மணிக்குப் போய் நின்னா கிடைக்காது" என்று பேச்சை மாற்றினாள். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பதினெட்டு அன்று கூட்டத்தில் அவர்களைப் பிடிப்பதே பெரிய வேலை. வண்டியில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதில் சொல்ல ஒரு கருத்து இருந்தது. பேச்சை மாற்ற நினைக்கும்போது இப்படி எல்லோருக்கும் அக்கறை உள்ள, அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயத்தை எடுக்க வேண்டும். "அப்புறம் நீங்க எப்படி இருக்கீங்க அத்தை?" என்று சும்மா கேட்டால் அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஆனால் இந்த அத்தைக்குச் சேலத்தில் வேலை பார்க்கும் மகன் இருக்கிறான். மதியம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அவர் மறுபடி வந்தார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. "எங்க பையன்கூட உன்னைப் பத்திக் கேட்டான்." அவள் இந்த முறை சிரிக்கவில்லை. "அத்தை, கல்யாணம் பத்தி நான் இன்னும் முடிவு எதுவும் எடுக்கல. எடுத்தா அம்மா அப்பாகிட்டதான் முதல்ல சொல்வேன்" என்றாள். அத்தை, "சரி சரி, நானும் உங்கப்பன்கிட்டயே பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இந்த இடத்தில்தான் பலர் கேள்வி ஓய்ந்தது என்று நிம்மதியாகி விடுகிறார்கள். உண்மையில் கேள்வி இப்போது அப்பாவை நோக்கி நகர்ந்திருக்கிறது. ரெண்டு நாளுக்குள் அத்தை பேசிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் அவளே போனாள். "அத்தை அவங்க பையனுக்காகக் கேக்கறாங்கம்மா. எனக்கு அதுல விருப்பம் இல்லை. அப்பாகிட்ட நீங்க முன்னாடியே சொல்லி வைங்க" என்றாள். அம்மா கேட்டார்: "ஏன், வேற யாராச்சும்...?"

அம்மாவுக்கு என்ன பதில் என்பதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. சொந்தக்காரர்களுக்குச் சொன்ன வாக்கியத்தை அப்படியே அம்மாவிடம் ஒப்பிக்கக் கூடாது. அம்மாவுக்கு அதைவிட ஒரு படி அதிகம் சொல்ல வேண்டும். அவள் சொன்னது: "அப்படி ஏதாவது உறுதியா இருந்தா உங்ககிட்ட மறைக்க மாட்டேன்மா. எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க. பொங்கல் வரைக்கும் எந்தப் பேச்சும் வேண்டாம்." இதில் ஒரு காலக்கெடு இருக்கிறது. கெடு இல்லாமல் "இப்ப வேண்டாம்" என்றால் அடுத்த வாரமே மறுபடி கேட்பார்கள். பொங்கல் வரை என்றால், அம்மா அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: "தை பொறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்." அந்த அஞ்சு மாதம் அவளுக்கும் போதுமானதாக இருந்தது. கார்த்திகையிலேயே அந்தப் பேச்சு ஒத்துவரவில்லை என்று இருவரும் மரியாதையாக நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டி வரவில்லை.

ஜாதகம் வெளியே போகும் முன்

கெடு கேட்கும்போதே இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "ஜாதகத்தையும் போட்டோவையும் வெளிய கொடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க."

இதற்குக் காரணம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வாயால் கேட்கிற வரைக்கும் அது பேச்சுதான். ஜாதக நகலும் போட்டோவும் தரகர் கைக்கோ, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கோ போய்விட்டால் விஷயம் உங்கள் வீட்டைத் தாண்டிவிடும். எங்கோ ஊத்தங்கரையில் ஒரு குடும்பம் ஜோசியரிடம் பொருத்தம் பார்த்துவிட்டு, "பத்துக்கு எட்டு இருக்கு, எப்ப வரட்டும்?" என்று போன் செய்யும். அந்தக் கட்டத்தில் மறுத்தால் மறுப்பு உங்கள் அப்பாவின் வார்த்தையைப் பாதிக்கும், நடுவில் நின்ற சொந்தக்காரரையும் பாதிக்கும். கேட்காமலேயே கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், கோபப்படுவதற்கு முன் யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டு, "பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்னு அவங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்று உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள் என்றால் இதுவரை சொன்ன வாக்கியம் எதுவும் உதவாது. இன்னொரு குடும்பம் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பப் போகிறது. அப்போது அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்து, இந்த இடம் வேண்டாம், இப்போது யாரையும் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை என்று நேராகச் சொல்லியே ஆக வேண்டும். வருகிறவர்கள் முன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அந்தப் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் செய்கிற அநியாயம்.

பேசிக்கொண்டிருக்கும் ஆளிடமும் சொல்லி வையுங்கள்

ஊருக்குக் கிளம்பும் முன், "வீட்ல கேட்டா நான் இன்னும் முடிவு எடுக்கலன்னுதான் சொல்வேன்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு வழியாகத் தெரிந்தால், தன்னை மறைத்துவிட்டார்களே என்று வருத்தப்படுவார். அவர் வீட்டிலும் இதே கேள்வி வரும், அவர் என்ன சொல்லப் போகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் ஊரும் எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். பாலக்கோட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் காரிமங்கலத்தில் கேட்கும். உங்கள் ஊரிலேயே இருக்கும் நண்பரிடம் அவரோ நீங்களோ சொல்லாமல் இருப்பது நல்லது.

பெங்களூரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் இருந்துவிட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டிலும் அத்திப்பள்ளியிலும் ஊர் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் நம்மூர்க்காரர்கள் ஏராளம். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று அவர் சொன்னால், ஒரு நிறுத்தம் முன்னாலேயே விடை பெற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் போனில் பேசாமல் இருந்துவிடுவது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் மெல்லிய குரலில் பேசுவதைவிடப் பெரிய விளம்பரம் வேறு இல்லை. காலையில் ஒரு செய்தி, ராத்திரி ஒரு செய்தி என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை அழுத்திப் பிடித்து Lock chat கொடுத்தால், பெயரும் செய்தியும் திரையில் வந்து விழாது. இன்னொரு சின்ன விஷயம்: வளைகாப்பு போட்டோவைக் காட்டுங்கள் என்று பெரியம்மா கேட்டால் போனைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு படத்தைப் பார்த்ததும் அவர் கட்டைவிரல் தானாக அடுத்த படத்துக்குத் தள்ளும். "உங்க நம்பருக்கே அனுப்பிடறேன் பெரியம்மா, பெருசா பார்க்கலாம்" என்று அங்கேயே அனுப்பிவிடுங்கள்.

வேறு சாதி என்றால்

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருப்பவர் வேறு சாதி என்றால், மேலே சொன்ன எச்சரிக்கை எல்லாம் இரண்டு மடங்காக வேண்டும். 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து தர்மபுரி அருகே நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று இடங்களில் தலித் மக்களின் வீடுகளை எரித்தார்கள். நம் பகுதியில் "என்ன ஆளுங்க?" என்பது சாதாரணக் கேள்வி இல்லை என்பதை அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். பேசிப் பார்க்கிற கட்டத்தில், உங்களுக்கு எவ்வளவு நெருக்கமான சித்தி மகளாக இருந்தாலும் ஊர், தெரு, அப்பா பெயர் போன்ற அடையாளங்களைச் சொல்லாதீர்கள். ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை, பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் குடும்பத்துக்குத்தான் அதிகம்.

கேள்வி கேட்பது கட்டுப்படுத்துவதாக மாறுகிறதா என்று கவனியுங்கள். போனை வாங்கி வைத்துக்கொள்வது, "இனி வேலைக்குப் போக வேண்டாம்" என்பது, பத்தே நாளில் திடீரென்று ஒரு நிச்சயம் ஏற்பாடாவது, வெளியே போனால் கூடவே ஆள் வருவது. இவை வந்தால் சொந்தக்காரர்களைச் சமாளிக்கிற கட்டம் முடிந்துவிட்டது. வயது வந்த இருவர் திருமணம் செய்ய முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் தீர்ப்பளித்தது. மிரட்டலுக்கு ஆளாகிறவர்களுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டது. பெண்களுக்கான உதவி எண் 181, காவல் அவசர உதவிக்கு 112. இந்த இரண்டு எண்களும், நீங்கள் இருக்கும் இடம் தெரிந்த வெளியூர் நண்பர் ஒருவரின் எண்ணும் போனில் மட்டும் இல்லாமல் மனப்பாடமாகவும் இருக்கட்டும்.

பார்த்துவிட்டார்கள் என்றால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஓசூர் பேருந்து நிலையத்திலோ ஒரு ஓட்டலிலோ யாராவது பார்த்துவிடலாம். பார்த்தவர் உங்கள் வீட்டுக்குச் சொல்வதற்கு முன், உங்களுக்கே ஒரு போன் வரும்: "நேத்து உன்னை மாதிரியே ஒருத்தரைப் பார்த்தேன்." இல்லவே இல்லை என்று சாதிக்காதீர்கள். "ஆமாம் மாமா, நான்தான். கூட வேலை செய்யறவர்" என்று உண்மையாக எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லுங்கள். கூட வேலை செய்யாதவர் என்றால் "தெரிஞ்சவர்" என்பது போதும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மட்டும் கெஞ்சாதீர்கள். அந்தக் கெஞ்சல்தான் அவருக்குச் செய்தி.

அப்புறம் அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் செய்துவிடுங்கள். அந்த மாமா சொல்வதற்கு முன் உங்கள் வாயால் அம்மா கேட்க வேண்டும். "ஒருத்தரோட பேசிட்டிருக்கேன்மா. இன்னும் ஒண்ணும் முடிவாகல. மாமா பார்த்திருக்காரு, நாளைக்கு உங்களுக்குச் சொல்வாரு. அதான் நானே முன்னாடி சொல்றேன்." அம்மா முதலில் கத்தலாம், அழலாம், போனை வைத்துவிடலாம். மறுநாள் மாமா போன் செய்து, "அக்கா, உங்க பொண்ணைப் பார்த்தேன்..." என்று ஆரம்பிக்கும்போது, "தெரியும்பா, அவளே சொன்னா" என்று சொல்லும் இடத்தில் உங்கள் அம்மா இருப்பார்.